பெயர்ப்பட்டை: பேச்சாளரின் பெயர் திரையில் தோன்றும் பட்டைக்கு எது தமிழ்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் இலக்கியச் சொற்பொழிவு நடக்கிறது. காணொளியைத் தொகுப்பவர் "லோவர் தர்ட் போட்டாச்சா?" என்று கேட்கிறார். பேச்சாளர் பெயரும் பொறுப்பும் எழுதி, திரையின் அடியில் சில வினாடிகள் வந்து போகும் பட்டையைத்தான் கேட்கிறார். திரையை மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரித்தால் கடைசிப் பங்கில் அமர்வதால் அந்தப் பெயர். பிரிட்டனில் இதையே 'ஆஸ்டன்' என்பார்கள், அமெரிக்காவில் 'கைரன்' என்பார்கள். இரண்டுமே திரையெழுத்துக் கருவி செய்த நிறுவனங்களின் பெயர்கள்.

'கீழ் மூன்றிலொன்று' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கணக்குப் பாடம் போலிருக்கும். பட்டை மூன்றிலொரு பங்கை நிரப்புவதும் இல்லை. 'துணையெழுத்து' பேச்சின் வரிகளுக்கு உரியது. நான் எழுதுவது 'பெயர்ப்பட்டை'. பெயர்ப்பலகையைப் போலவே இங்கும் ப் மிகும். நெற்றியில் பட்டை போடுவது என்கிறோமே, அதே கிடைக்கோட்டு வடிவம்தான். பெயரில்லாமல் உரையின் தலைப்பு மட்டும் வந்தால் 'தலைப்புப் பட்டை' என்று சொல்லிவிடலாம்.

1920 × 1080 படத்தில் கீழ்ப்பங்கு மேலிருந்து 720-வது புள்ளியில் தொடங்குகிறது. ஓரத்தில் 5 விழுக்காடு ஒதுக்கினால் பட்டையின் அடி 1026-இல் நிற்கும். பெயருக்கு 52 புள்ளி எழுத்து, பொறுப்புக்கு 36. ஆங்கிலத்துக்குப் போடும் நெருக்கமான வரி உயரம் தமிழுக்குப் போதாது. 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'பூ'வின் வால் கீழே இறங்கும், 'டத்தோ ஸ்ரீ' என்ற மலேசியப் பட்டம் வந்தால் இரண்டு பக்கமும் இடம் கேட்கும். அதனால் எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வைக்கிறேன்: 78-உம் 54-உம் சேர்ந்து 132. மேலும் கீழும் 14 புள்ளி விட்டால் பட்டையின் உயரம் 160. கீழ்ப்பங்கின் 360-இல் பாதிகூட இல்லை.

36-க்குக் கீழே இறங்காதீர்கள். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும்போது படத்தின் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ.தான். அதில் 36 புள்ளி எழுத்து 1.3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். பட்டங்கள் நீண்டு வரி கொள்ளவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குவதைவிட, பொறுப்புகளில் அன்றைய பேச்சுக்குப் பொருத்தமான ஒன்றை மட்டும் வைப்பது நல்லது. 'டத்தோ'வை மட்டும் வெட்டிவிடாதீர்கள், மறுநாள் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தொலைபேசி வரும்!

பட்டை எதற்கு என்றால், பேச்சாளர் வெள்ளைச் சட்டையில் நின்றால் வெள்ளை எழுத்து அதில் கரைந்துவிடும். 80 விழுக்காடு அடர்த்தியுள்ள கருநீலமோ கருப்போ போதும். விழா மேடையின் மஞ்சளை எடுத்து அதன்மேல் வெள்ளை எழுத்து வைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது படிக்கவே வராது.

எழுத்துச் சிதைவு இன்னொரு தலைவலி. 'சொற்பொழிவு' என்று தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், சில நேரம் புள்ளி வட்டம் ஒன்றும் முளைக்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் குறை எழுத்துருவில் இல்லை. மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்கும் முறையில் இயங்கவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளின் உங்கள் பதிப்பில், எழுத்து அமைப்புக்குள் `South Asian and Middle Eastern` என்ற தேர்வு இருந்தால் அதைத் தேருங்கள், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். எழுத்திடைவெளியைப் பூச்சியத்திலேயே விடுங்கள். அகட்டினால் 'கா'வின் கால் தனியே விலகிப் போகும்.

இனி நேரம். நம் ஊர் மேடையில் பேச்சாளர் வணக்கம் சொன்னதும் முன்வரிசையில் இருப்பவர்களை "அவர்களே, அவர்களே" என்று விளிப்பார். பட்டைக்கு அதுதான் வாய்ப்பான இடம். அவர் முகம் திரைக்கு வந்த 2 வினாடி கழித்து ஏற்றி, 7 வினாடி வைத்து இறக்குங்கள். பெயரையும் பொறுப்பையும் நிதானமாக இருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அது முடியுமுன் மறைந்தால் நேரம் குறைவு. ஏறவும் இறங்கவும் அரை வினாடி, நொடிக்கு 25 சட்டக ஒளிப்பதிவில் ஏறக்குறைய 12 சட்டகம்.

ஆனால் இதே நேரத்தில்தான் ஒளிப்பதிவாளர் முன்வரிசைப் பிரமுகர்களைக் காட்டத் திரும்புவார். பட்டை இன்னும் இறங்காமல் இருந்தால் பேச்சாளரின் பெயர் வேறொருவர் முகத்தின் கீழ் நிற்கும். வெட்டு எந்தச் சட்டகத்தில் விழுகிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு அரை வினாடி முன்பே பட்டை முழுதாக மறைந்திருக்கும்படி பின்னோக்கி எண்ணி வையுங்கள். இடையில் 7 வினாடி கிடைக்கவில்லையா? கேமரா பேச்சாளரிடம் திரும்பிய பிறகு போடுங்கள்.