பத்தாயிரம் டொலர் விளம்பரமும் வராத நன்கொடையும்

கூகுளின் Ad Grants திட்டத்தில், தகுதி பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மாதம் 10,000 அமெரிக்க டொலர் வரை தேடல் விளம்பரம் இலவசம். அது பணமாகக் கைக்கு வராது. ஒரு மாதம் செலவாகாமல் மிஞ்சுவது அடுத்த மாதத்துக்குச் சேராது. அதனால் எப்படியாவது முழுவதையும் செலவழித்துவிட வேண்டும் என்று நிர்வாகக் குழுக்கள் நிற்கும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளவத்தையில் இயங்கும் ஓர் அமைப்பு மலையகப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. அவர்கள் போட்டிருந்த தேடல் சொல் scholarship for students in sri lanka. கிளிக் கொட்டியது. விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் 5 வீதமாவது கிளிக் செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் விதி, அதையும் தாண்டிவிட்டார்கள். நன்கொடை மட்டும் வரவில்லை.

எப்படி வரும்? அந்தச் சொல்லைத் தட்டுவது கொடுப்பவர் அல்லவே, புலமைப்பரிசில் தேடும் மாணவர். போதாக்குறைக்கு, தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே வெற்றி என்று கணக்கில் பதிந்திருந்தார்கள். விண்ணப்பப் படிவம் கேட்க மாணவர்கள் அந்தப் பக்கத்துக்குத்தான் போவார்கள். இப்படிப் பதியும் வெற்றிகளைக் கூட்டுவதற்காகக் கூகுளே ஏலத்தொகையைத் தீர்மானிக்கும் Maximize conversions முறை அதைப் பார்த்து, அதே மாதிரி ஆட்களையே மேலும் தேடிப் பிடித்தது.

அவர்களோடு உட்கார்ந்து, முதலில் வெற்றியின் அளவுகோலை மாற்றினோம். நன்கொடை முடிந்தபின் வரும் நன்றிப் பக்கம் மட்டுமே கணக்கு. ஆனால் இங்கே பலர் வங்கியில் வைப்பிட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ஸ்லிப் அனுப்புவார்கள், கூகுளுக்கு அது தெரியாது. அதனால் ஸ்லிப்பை ஏற்றும் சிறு படிவம் ஒன்றைத் தளத்தில் வைத்து, அதையும் எண்ணினோம். அட்டையில் செலுத்துவோர் வேறு தளத்துக்குப் போய்த் திரும்புவதால், நீங்களே 100 ரூபா அனுப்பி அது பதிவாகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சொற்கள். apply, form, விண்ணப்பம் போன்றவற்றை, அவற்றைத் தட்டுவோருக்கு விளம்பரம் காட்டாமல் தடுக்கும் நெகட்டிவ் பட்டியலில் போட்டோம். sponsor a child education sri lanka போன்றவற்றைச் சேர்த்தோம். இடம் லண்டனும் ரொறன்ரோவும். இட அமைப்பில் Presence என்பதைத் தெரிவு செய்தோம். இல்லாவிட்டால் அந்த ஊர்களில் ஆர்வம் காட்டும் வேறு நாட்டுக்காரருக்கும் விளம்பரம் போகும்.

செலவு விழுந்தது. "மிச்சம் வீணாகுதே, தம்பி" என்று செயலாளர் ஐயா வருந்தினார். வீணாகிக்கொண்டிருந்தது விண்ணப்பம் கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொன்ன ஊழியர்களின் நேரம் என்றேன். நன்கொடைகள் மெல்ல வரத் தொடங்கின, கூட்டமாக அல்ல. கொடுக்கலாம் என்று ஏற்கெனவே நினைத்துத் தேடுபவரைத்தான் தேடல் விளம்பரம் பிடிக்கும், அப்படிப்பட்டவர்கள் குறைவு. கொடுப்பதைப் பற்றி இன்னும் நினைக்கவே இல்லாதவரை அடைய இது உதவாது.

மாணவருக்கான விளம்பரமும் தேவைதான் என்றால் விண்ணப்பக் காலத்தில் தனிக் கெம்பெய்னாக, தனி இலக்கோடு நடத்துங்கள். செலவான டொலருக்கு வீதம் வைத்துக் கட்டணம் கேட்கும் விளம்பர முகவருக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். முழுவதையும் செலவழிப்பதில்தான் அவருக்கு லாபம்.