பவுண் விலை வருடம் எத்தனை வீதம் ஏறியது? இரண்டு விலைகளில் இருந்து ஒரு கணக்கு

2003 கடைசியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 417 டொலர், ஒரு டொலர் ஏறத்தாழ 97 ரூபாய். 2023 கடைசியில் அதே அவுன்ஸ் ஏறத்தாழ 2,060 டொலர், டொலர் 324 ரூபாய். ஒரு பவுண் என்பது 8 கிராம். 22 கரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம் என்பதை வைத்துப் பெருக்கிப் பார்த்தால், ஒரு பவுணில் உள்ள தங்கத்தின் பெறுமதி 2003இல் சுமார் 9,500 ரூபாய், 2023இல் சுமார் 157,000 ரூபாய். திருகோணமலைக் கடையில் சொல்லும் விலை வரியும் இலாபமும் சேர்ந்து இதைவிடக் கூடும். உலோகத்தின் வளர்ச்சியை அறிய இந்த இரண்டு எண்களே போதும்.

20 வருடத்தில் 16.5 மடங்கு. "அப்படியென்றால் 1,550 வீதம் கூடியிருக்கிறது, இருபதால் பிரித்தால் வருடம் 77 வீதம்" என்று சொல்பவர்கள் உண்டு. வருடம் 77 வீதம் உண்மையிலேயே ஏறியிருந்தால் 9,500 ரூபாய் ஐந்தே வருடத்தில் 157,000ஐத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு வருடத்தின் ஏற்றமும் அதற்கு முந்தைய வருடம் ஏறிய விலையின் மேல் விழுகிறது, அதனால் இங்கே பிரித்தல் உதவாது. எந்த எண்ணை இருபது முறை தன்னோடு தானே பெருக்கினால் 16.5 வரும் என்று தேட வேண்டும். அந்த எண் 1.15. அதாவது வருடத்துக்கு 15 வீதம். இதைத்தான் கூட்டு வருடாந்த வளர்ச்சி வீதம் என்கிறார்கள்.

கைத்தொலைபேசியின் கல்குலேட்டரைக் குறுக்காகத் திருப்பினால் அடுக்குக் குறி வரும். விரிதாளில் என்றால் இப்படி:

```
=(157000/9500)^(1/20)-1
```

விடை 0.1506, அதாவது 15.06 வீதம். `1/20`ஐச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை விட்டுவிட்டால் கணினி முதலில் 1க்கு அடுக்கேற்றி, பிறகு இருபதால் பிரிக்கும். விடை −0.17 என்று வரும். பதினாறு மடங்கு ஏறிய பொருளுக்குக் கழித்தல் குறியில் விடை வந்தால் பிழை அங்கேதான். வருடத்தை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். 2003 கடைசியில் இருந்து 2023 கடைசி வரை 20 வருடம், 21 அல்ல. ஓகஸ்ட்டில் வாங்கி இன்னொரு வருடம் பெப்ரவரியில் விற்றிருந்தால் 19.5 என்று தசமத்திலேயே போடலாம்.

மனக்கணக்காகச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 16 மடங்கு என்பது நான்கு முறை இரட்டிப்பு. இருபதை நான்கால் பிரித்தால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. 72ஐ இரட்டிப்பாக எடுக்கும் வருடங்களால் பிரித்தால் வருட வீதம் ஏறத்தாழ வந்துவிடும். இங்கே 72ஐ ஐந்தால் பிரித்தால் 14.4. உங்கள் விடை இதற்குப் பக்கத்தில் இல்லையென்றால் எங்கோ தட்டச்சுப் பிழை.

இனி அந்த 15 வீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். டொலர் விலை 4.94 மடங்கு ஏறியது, அது வருடம் 8.3 வீதம். டொலரின் ரூபாய் விலை 3.34 மடங்கு ஏறியது, அது வருடம் 6.2 வீதம். இரண்டையும் கூட்டக்கூடாது, 1.083ஐ 1.062ஆல் பெருக்கினால் 1.15 கிடைக்கும். ஆக, நாம் தங்கத்தின் ஏற்றம் என்று சொல்வதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ரூபாயின் இறக்கம்.

2022இல் இது பளிச்சென்று தெரிந்தது. 2021 கடைசியில் அவுன்ஸ் 1,800 டொலரைச் சற்றுத் தாண்டி நின்றது. 2022 கடைசியில் 1,810 அளவில், கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆனால் டொலர் 200இல் இருந்து 363 ரூபாய்க்குப் போனது. பவுணின் தங்கப் பெறுமதி 85,000இல் இருந்து 155,000 ஆனது. 2003இல் தொடங்கி 2021இல் நிறுத்திக் கணக்கிட்டால் 13 வீதம், ஒரே ஒரு வருடம் தள்ளி நிறுத்தினால் 15.8 வீதம். கடைசிப் புள்ளி எது என்று சொல்லாமல் ஒரு வீதத்தை மட்டும் சொல்பவரை நம்ப எனக்கு மனம் வருவதில்லை. 2023இல் தங்கம் டொலரில் நன்றாக ஏறியும், ரூபாய் மீண்டதால் இங்கே 155,000இல் இருந்து 157,000 ஆனதோடு சரி.

அந்த இரண்டு வருட ஏற்றங்களும் 82.35 வீதமும் 1.29 வீதமும். சாதாரண சராசரி எடுத்தால் 41.8. அதை இரண்டு வருடம் ஏற்றினால் 85,000 ரூபாய் சுமார் 171,000 ஆகும், உண்மையில் வந்ததோ 157,000. சரியான விடை 35.9. விலை எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவுக்குச் சராசரி மிகைப்படுத்திக் காட்டும்.

நகையாக வாங்கினால் கூலியும் சேதாரமும் சேரும். அவை 15 வீதம் என்று வைத்தால், 2003இல் கையை விட்டுப் போனது 10,925 ரூபாய். விற்கும்போது கிடைப்பது தங்கத்துக்கு மட்டும்தான். இருபது வருடத்தில் வளர்ச்சி 15.06இல் இருந்து 14.25ஆகத்தான் குறைகிறது. அதே நகையை, தங்கம் வருடம் 15 வீதம் ஏறும் காலத்தில், இரண்டே வருடத்தில் விற்றால் மிஞ்சுவது வருடம் 7.2 வீதம். ஒருமுறை கொடுக்கும் செலவு காலம் நீள நீளக் கரையும். காணிக்குக் கட்டும் முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசு கட்டணமும் இப்படித்தான்.

காணிக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தும், இரண்டு விலைகளைப் பிடிப்பதுதான் பாடு. உறுதியில் எழுதிய தொகையும் உண்மையில் கைமாறிய தொகையும் ஒன்றாக இராமல் இருப்பது உண்டு. பழைய உறுதியின் தொகையையும் இன்று தரகர் சொல்லும் விலையையும் வைத்துக் கணக்குப் போட்டால் காணி பறப்பதுபோல் தெரியும். இரண்டுமே கைமாறிய தொகையாக இருக்க வேண்டும், இரண்டுமே ஒரு பேர்ச்சஸ் கணக்கில் இருக்க வேண்டும்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் தொடக்க வருடமும் சிக்கலானது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், 2004 டிசம்பரில் சுனாமி, 2006இல் மாவிலாறு, மூதூர்ச் சண்டைகள். இவற்றின் நடுவே விற்ற விலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. கற்பனையாக ஓர் உதாரணம் பார்ப்போம். உப்புவெளியில் ஒரு பேர்ச்சஸ் 2003இல் 30,000, அவசரத்துக்கு விற்ற 2007இல் 20,000, 2023இல் 400,000 ரூபாய். 2003இல் தொடங்கினால் வருடம் 13.8 வீதம், தங்கத்தின் 15.06ஐவிடக் குறைவு. 2007இல் தொடங்கினால் 20.6 வீதம். 2007 கடைசியில் பவுணின் தங்கப் பெறுமதி சுமார் 21,400, அங்கிருந்து தங்கத்துக்கு 13.3 வீதம்தான். அதே காணி, அதே தங்கம், வென்றது மாறிவிட்டது. ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே தொடக்கம், ஒரே முடிவு வேண்டும். தொடக்கம் இடம்பெயர்வுக் காலத்து விலையாக இருந்தால், அதற்கு முன்னுள்ள ஓர் அமைதி வருடத்தில் இருந்தும் கணக்கிட்டு இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இடையில் மதில் கட்டினாலோ, கிணறு வெட்டினாலோ, தேங்காயும் வாடகையும் வந்தாலோ இரண்டு புள்ளிச் சூத்திரம் போதாது. ஒவ்வொரு செலவையும் வரவையும் அதனதன் திகதியோடு விரிதாளில் எழுதி, திகதிகளையும் சேர்த்து வருட வீதம் தரும் `XIRR` சூத்திரம் கொண்டு கணக்கிட வேண்டும். கொடுத்த பணத்துக்குக் கழித்தல் குறி, வந்த பணத்துக்குக் கூட்டல் குறி. எல்லாவற்றுக்கும் ஒரே குறி போட்டால் `#NUM!` என்று பிழை காட்டும்.