முன்னொட்டு அல்ல, தொடக்கத்துண்டு

`?`, `*` போன்ற குறிகள் உள்ள வடிவத்தோடு ஓர் உரை பொருந்துகிறதா என்று பார்ப்பது வைல்ட்கார்டு பொருத்தம். அதை டைனமிக் புரோகிராமிங் முறையில் விளக்கும் தமிழ்ப் பாடங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: “உரையின் முன்னொட்டு, வடிவத்தின் முன்னொட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.” பிரிஃபிக்ஸ் என்றால் முன்னொட்டு என்று அகராதியில் இருக்கிறது, எடுத்துப் போட்டுவிட்டார்கள். இந்த இடத்தில் அது தவறு.

லத்தீனில் ‘பிரே’ என்றால் முன், ‘ஃபிகெரே’ என்றால் பொருத்துதல். முன்னால் பொருத்தியது என்பதுதான் மூலப்பொருள். இலக்கணத்துக்கு அது சரி. ‘நீதி’க்கு முன் ‘அ’ சேர்ந்து ‘அநீதி’ ஆகிறது. அந்த ‘அ’ முன்னொட்டு. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, பொருளையும் மாற்றியது.

அல்காரிதத்தில் யாரும் எதையும் ஒட்டுவதில்லை. இருக்கிற சரத்தை முதலிலிருந்து எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி எடுப்பதுதான் பிரிஃபிக்ஸ். `ab` என்ற சரத்துக்கு அப்படி மூன்று உண்டு: வெற்றுச் சரம், `a`, `ab`. முழுச் சரமும் அதில் சேர்த்தி, ஒன்றுமில்லாததும் சேர்த்தி. முழுச் சொல்லே தனக்கு முன்னொட்டு என்று எந்தத் தமிழ் ஆசிரியர் சொல்வார்?

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே, தமிழில் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் படிப்பவர் காதில் அந்த லத்தீன் வினை விழுவதில்லை. நமக்கு ‘ஒட்டு’ கண்முன் நிற்கிறது: ஒட்டுப்போட்ட துணி, ஒட்டு மாங்கன்று. ஒட்டு என்றதும் வேறொன்று வந்து சேர்ந்தது என்றுதான் மனம் போகும். அப்படிப் படிப்பவருக்குப் பூஜ்யம் எழுத்துள்ள தொடக்கம் தோன்றவே தோன்றாது. இந்த அல்காரிதம் தவறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கணக்கைப் பார்ப்போம். உரையின் முதல் i எழுத்துகள் வடிவத்தின் முதல் j எழுத்துகளோடு முழுதாகப் பொருந்துமா என்ற விடை `D` என்ற அட்டவணையில் `D[i][j]`-இல் இருக்கும். வடிவத்தின் j-ஆவது எழுத்தை `p[j]` என்று குறிப்போம். வடிவத்தின் j-ஆவது எழுத்து சாதாரணமானதாக இருந்து உரையின் i-ஆவது எழுத்தோடு ஒத்தாலோ, எந்த ஓர் எழுத்தோடும் பொருந்தும் `?` ஆக இருந்தாலோ, விடை `D[i-1][j-1]`-இல் உள்ளதே. அது எத்தனை எழுத்துகளோடும் பொருந்தும் `*` என்றால் இரண்டு வழி: நட்சத்திரம் எதையும் எடுக்காமல் விடலாம், அல்லது உரையில் இன்னும் ஒரு எழுத்தை விழுங்கலாம்.

```
D[0][0] = True
D[0][j] = D[0][j-1] and p[j] == '*'
D[i][j] = D[i][j-1] or D[i-1][j]    # p[j] == '*'
```

உரை `ab`, வடிவம் `*b` என்று வைப்போம். `D[0][1]` உண்மை, ஏனெனில் நட்சத்திரம் வெற்றுச் சரத்தோடும் பொருந்தும். அதனால் `D[1][1]` உண்மையாகிறது. நட்சத்திரம் `a`-வை விழுங்கிவிட்டது. அப்புறம் `b`-யும் `b`-யும் ஒத்துப்போக, `D[2][2]` உண்மை. இப்போது பூஜ்ய வரிசையில் `D[0][0]` தவிர எல்லாவற்றையும் பொய் என்று விட்டுப் பாருங்கள். `D[1][1]` பொய், அதைப் பார்க்கும் `D[2][2]`-உம் பொய். பொருந்த வேண்டியது பொருந்தாது என்று வரும். வடிவம் `a*b` என்றிருந்தால் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனெனில் அங்கே பூஜ்ய வரிசையில் உண்மையாக வேண்டியது `D[0][0]` ஒன்றுதான். நட்சத்திரத்தில் தொடங்கும் வடிவத்தைக் கொடுத்துச் சோதித்தால்தான் மாட்டும்.

இதற்கு நான் எழுதுவது ‘தொடக்கத்துண்டு’. கடைசியிலிருந்து எடுப்பது ‘இறுதித்துண்டு’, நடுவில் எடுப்பது ‘இடைத்துண்டு’ என்று குடும்பமாக வரும். ‘வெற்றுத் தொடக்கத்துண்டு’ கொஞ்சம் இடறும், சரி. அங்கே ‘முதல் 0 எழுத்துகள்’ என்று எழுதிவிடலாம். அதுவும் பிடிக்காதவர்கள் ‘பிரிஃபிக்ஸ்’ என்றே எழுதட்டும். தூய தமிழ் எனக்கும் வேண்டும்தான், ஆனால் தவறான பொருளைத் தரும் தமிழைவிடக் கடன்சொல் மேல். கலைச்சொல் ஆக்குபவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு அட்டவணையையாவது கையால் நிரப்பிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சொல்லிலும் இதே அலட்சியம்: ‘எழுத்து’. பைத்தானில் ‘நீ’ என்பதன் நீளம் 2, ஏனெனில் யூனிகோடில் ‘ந’ ஒரு குறி, ஈகாரக் குறி இன்னொன்று. அதனால் ஒற்றை `?` ‘நீ’யோடு பொருந்தாது, `??` பொருந்தும். ‘அநீதி’யின் தொடக்கத்துண்டுகளில் ‘அந’ என்பதும் வரும். `?` ஓர் எழுத்தைக் குறிக்கும் என்று எழுதுபவர்கள், எந்த எழுத்தை என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும்.