விலகுபவரிடம் "ஏன்" என்பதற்கு முன் "எப்போது" என்று கேளுங்கள்

பணிவிலகல் கடிதம் கொடுத்தவர்களுக்கு மனிதவளப் பிரிவு தரும் படிவத்தில் "விலகுவதற்கான முதன்மைக் காரணம்" என்றொரு கட்டம் பெரும்பாலும் இருக்கும். இந்தத் துறையில் என் முதல் சில ஆண்டுகளில் அந்தக் கட்டத்தில் நான் அதிகம் படித்த பதில் "கூடுதல் சம்பளம்" என்பதுதான். அதை அப்படியே எண்ணிக் கூட்டி, வண்ண வட்டமாக வரைந்து, ஆண்டறிக்கையில் சேர்த்திருக்கிறேன். நிர்வாகமும் அதைப் பார்த்துவிட்டு, சந்தையில் சம்பளம் ஏறிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

அந்தப் பதில் பொய்யல்ல. வேறு வேலைக்குப் போகிறவர் குறைந்த சம்பளத்துக்குப் போவது அரிது என்பதால், அதை எழுதுபவர் உண்மையைத்தான் எழுதுகிறார். ஆனால் எந்த வேலையை ஏற்றுக்கொண்டார் என்பதற்குத்தான் சம்பளம் காரணம்; வேறு வேலை தேடலாம் என்று ஒரு நாள் அவருக்கு ஏன் தோன்றியது என்பதற்கான காரணம் பல நேரங்களில் வேறாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருப்பதற்கு அவருக்குத் தக்க நியாயங்களும் உண்டு. இறுதிக் கணக்கு இன்னும் முடிந்திருக்காது. அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்திருக்காது. புதிய நிறுவனம் பழைய மேலாளரைத் தொடர்புகொண்டு விசாரிக்கக்கூடும். அவருடைய நண்பர்கள் அதே மேலாளரின் கீழ் தொடர்ந்து வேலை செய்யப் போகிறார்கள். யாரையும் புண்படுத்தாத, மேற்கொண்டு கேள்வி எழுப்பாத பதில் சம்பளம் மட்டுமே.

எனவே விலகுபவர்களோடு நடத்தும் நேர்காணலில் காரணத்தை முதலில் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். "வேறு வேலை பார்க்கலாம் என்ற எண்ணம் முதன்முதலில் எப்போது வந்தது?" என்றே தொடங்குகிறேன். காரணம் கேட்டால் மனிதர்கள் வாதம் சொல்வார்கள். காலம் கேட்டால் நினைவைத் தேடிப் பார்ப்பார்கள். தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு ஓர் அடிப்படையைத் தருகிறது. வேலையை விடுவது எப்போதும் மெல்ல மெல்லச் சேரும் அதிருப்தியின் முடிவாக இருப்பதில்லை. பல நேரங்களில், மனிதரை உலுக்கி "இங்கே ஏன் இருக்கிறேன்" என்று யோசிக்கவைக்கும் ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறது என்பது அவர்கள் கருத்து. அந்த நிகழ்வை அவர்கள் அதிர்ச்சி என்றே அழைத்தார்கள். அது கெட்ட செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; திருமணமும் வெளியிலிருந்து கேட்காமலே வந்த ஓர் அழைப்பும்கூட அந்த வகையில் சேரும்.

ஒரு நேர்காணலிலிருந்து சில வரிகள்:

"புது வேலைக்கு முதல் விண்ணப்பம் எப்போது அனுப்பினீர்கள்?"

"மூன்று மாதம் இருக்கும்."

"அதற்கு முன்பே யோசித்ததுண்டா?"

"இல்லை... அதற்கு ஒரு மாதம் முன்பு டீம் மாற்றினார்கள். அப்போது பழைய டீம் லீடர் சொல்லியிருந்த பகல் ஷிப்ட் பற்றிக் கேட்டேன். புது லீடருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் சுயவிவரத்தைப் புதுப்பித்தேன்."

இதே இளைஞர் படிவத்தில் "கூடுதல் சம்பளம்" என்று எழுதியிருந்தார். இரண்டும் உண்மை. நிறுவனத்துக்குப் பயன்படுவது இரண்டாவது உண்மை.

இப்படிப் பேசவைக்க வேண்டுமானால், யார் கேட்கிறார், எந்த நாளில் கேட்கிறார் என்பதில் கவனம் வேண்டும். நேரடி மேலாளர் அந்த அறையில் இருக்கக் கூடாது. கடைசி நாளில் வைத்துக்கொண்டால், அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைக்கும் அவசரத்தில் பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். கடிதம் கொடுத்த மறுநாளே வைத்தால், தன்னைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைப்பார். ஒரு மாத நோட்டீஸ் காலம் என்றால் இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ எனக்குச் சரியாக வருகிறது. முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறேன். பதில்களை என் சொற்களில் மாற்றாமல் அவர் சொன்னபடியே குறித்துக்கொள்கிறேன். பேச்சைத் தொடங்குவதற்கு முன் ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுவது கட்டாயம்: "நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு மேலாளருக்குப் போகாது; ஆனால் பாலியல் தொந்தரவு, பாதுகாப்புக் குறைபாடு, பண முறைகேடு போன்றவற்றைச் சொன்னால் நான் மேலே சொல்லியே ஆக வேண்டும்." எல்லாமே ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதை மீற நேர்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் அதன் பிறகு யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை.

பேச்சு முடிந்த அன்றே ஓர் அட்டவணையில் ஒரு வரி சேர்க்கிறேன். எண்ணம் வந்த மாதம், முதல் விண்ணப்பம் போன மாதம், கடிதம் கொடுத்த தேதி ஆகிய மூன்று காலக் குறிப்புகள். பிறகு, இங்கிருந்து தள்ளியது எது, அங்கே இழுத்தது எது என்று இரண்டு கட்டங்கள். தள்ளியதையும் இழுத்ததையும் ஒரே கட்டத்தில் எழுதினால் இழுத்ததே நிற்கும், ஏனென்றால் சம்பளத்துக்கு ஓர் எண் இருக்கிறது, மனக்கசப்புக்கு இல்லை. தள்ளியதற்கான வகைப் பெயர்களைப் பத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். அதே குறிப்புகளைச் சக ஊழியர் ஒருவரும் என் முடிவைப் பார்க்காமல் தனியாக வகைப்படுத்துவார். எங்கள் இருவருக்கும் அடிக்கடி முரண்படும் வகை எதுவோ, அதன் பெயரையே மாற்ற வேண்டியிருக்கிறது என்று பொருள். "மேலாண்மைச் சிக்கல்" என்றொரு வகை வைத்திருந்தோம்; அதற்குள் எதைப் போட்டாலும் பொருந்தியது, அதனால் எதையும் சொல்லவில்லை.

இனி அந்த இளைஞர் வேலை செய்த நிறுவனத்துக்கே வருகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களைச் சற்றே மாற்றியிருக்கிறேன். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் 180 பேர்; ஓர் ஆண்டில் 26 பேர் விலகினார்கள். படிவத்தில் 17 பேர் சம்பளத்தைக் குறித்திருந்தார்கள். ஒரே ஒரு டீமிலிருந்து மட்டும் 7 பேர் போயிருந்ததால், அந்த டீம் லீடர்தான் காரணம் என்று நிர்வாகம் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டது. ஆனால் எண்ணம் வந்த மாதத்தை வரிசைப்படுத்தியபோது வேறொன்று தெரிந்தது. 26 பேரில் 11 பேருக்கு அந்த எண்ணம் டீம் லீடர் மாறிய இரண்டு மாதங்களுக்குள் வந்திருந்தது. அந்த 11 பேரும் நான்கு வெவ்வேறு லீடர்களின் கீழ் இருந்தார்கள். குற்றம் சுமத்தப்பட்ட டீம், அந்த ஆண்டில் மற்ற டீம்களிலிருந்து அதிகம் பேரைப் பெற்றுக்கொண்ட டீம்.

இந்த இடத்தில்தான் பலரும் அறிக்கை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் செய்தேன். டீம் லீடர் மாறுவது அங்கே சாதாரணமாக நடப்பது என்றால், விலகியவர்களில் பலருக்கும் அது நடந்திருப்பதில் வியப்பில்லை. ஆகவே விலகாதவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்த ஆண்டில் 60 பேருக்கு லீடர் மாறியிருந்தார். மாறிய பிறகு அவர்களில் 13 பேர் விலகினார்கள், அதாவது ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். மாறாத 120 பேரிலும் விலகியவர்கள் 13 பேர்தான், ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர். விகிதம் இரண்டு மடங்கு. பணியாளர் பட்டியலும் மாற்றல் ஆணைகளும் இருந்தால் ஒரு மதிய வேளையில் முடிந்துவிடும் கணக்கு இது.

லீடர் மாறுவதில் எது தைக்கிறது என்பதை எண்கள் சொல்லவில்லை. குறிப்புகளை மீண்டும் படித்தோம். 11 பேரில் 8 பேர், பழைய லீடர் வாய்மொழியாகக் கொடுத்திருந்த ஏதோ ஒரு வாக்கைப் பற்றிப் பேசியிருந்தார்கள்: ஷிப்ட் மாற்றம், ஒப்புக்கொண்ட நீண்ட விடுப்பு, அடுத்த பதவி உயர்வுக்கான பரிந்துரை. லீடர் மாறியதோடு அந்த வாக்கும் காணாமல் போயிருந்தது. யாரும் மறுக்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். லீடர் மாறிய பிறகும் அங்கேயே இருப்பவர்களில் 12 பேரிடமும் பேசினோம். இதைத் தவிர்க்கக் கூடாது, ஏனென்றால் விலகியவர்களின் குறையே தங்கியவர்களுக்கும் இருந்தால், குறை மட்டுமே விலகலை விளக்காது. அவர்களில் 7 பேருக்கும் இதேபோல் வாக்கு நழுவியிருந்தது. ஆனால் அவர்களில் 5 பேர், கேட்ட சில வாரங்களுக்குள் புதிய லீடர் அதை விசாரித்துச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பரிந்துரை அதனால் சிறியதாகவே இருந்தது. மாற்றல் நடக்கும் வாரத்தில் பழைய லீடர், புதிய லீடர், ஊழியர் மூவரும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். நிலுவையில் உள்ள வாக்குகளை ஒரு பக்கத்தில் எழுதி, எதை நிறைவேற்ற முடியும், எதை முடியாது என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். முடியாது என்ற சொல்லைக்கூட மக்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதை அந்த 12 பேரிடம் பேசியபோது பார்த்தோம். அடுத்த ஆண்டில் லீடர் மாறிய 54 பேரில் 6 பேர் விலகினார்கள். விகிதம் மற்றவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டது, ஆனாலும் அதை வெற்றியாகக் காட்ட எனக்கு மனமில்லை. அதே ஆண்டில் சம்பளமும் திருத்தப்பட்டது. தவிர, இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டு மூன்று பேர் இப்படியோ அப்படியோ போனாலே விகிதம் மாறிவிடும். நான் நம்பிக்கையோடு காட்டியது, நழுவிய வாக்கைப் பற்றி அந்த 6 பேரில் ஒருவர் மட்டுமே பேசினார் என்பதைத்தான்.

அறிக்கையில் டீம் வாரியான பட்டியலை நான் கொடுக்கவில்லை. ஐந்து பேருக்குக் குறைவாக விலகிய எந்தக் குழுவையும் தனியாகக் காட்டுவதில்லை என்பது என் வழக்கம். அதற்குக் கீழே போனால் பெயரை நீக்கியும் பயனில்லை, சொன்னவர் யார் என்று படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். இதனால் சிறிய நிறுவனங்களில் ஓர் ஆண்டின் பதில்களைக் கொண்டு எதையும் சொல்ல முடியாமல் போகலாம்; இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நேர்காணலில் பிடிகொடுக்காமல் பேசியவர்களை நான்கைந்து மாதம் கழித்து, அவர்களிடம் முன்பே அனுமதி பெற்று, தொலைபேசியில் ஒருமுறை அழைக்கிறேன். இறுதிக் கணக்கு முடிந்து, புதிய வேலையில் காலூன்றியிருப்பார்கள். பலர் எடுப்பதில்லை, எடுப்பவர்கள் சுருக்கமாகவே பேசுகிறார்கள். அப்படி ஒருவர், படிவத்திலும் நேரிலும் சம்பளத்தை மட்டுமே சொன்னவர், தன்னைவிட அனுபவம் குறைந்த புதியவரின் சம்பளத்தைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட நாளைத் தேதியோடு சொன்னார். அந்தப் புதியவருக்குப் பயிற்சி கொடுத்ததும் இவர்தான். எங்கள் வகைப் பட்டியலில் "சம்பளம் போதவில்லை" இருந்தது, "சம்பளம் நியாயமாக இல்லை" இல்லை. அன்று மாலை அந்தப் பெயரைச் சேர்த்துவிட்டு, பழைய 17 பேரின் குறிப்புகளையும் மறுபடி எடுத்து வைத்தோம்.