ஸ்ப்ரெட்: வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் இடையே உள்ள இடைவெளி

ஒரு பங்கின் விலை 100 என்று சொல்கிறோம். வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலான ஆர்டர் புக்கைத் திறந்து பார்த்தால் 100 என்ற விலையில் அங்கே யாரும் நிற்பதில்லை. 99.90 தருகிறேன் என்று ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார், 100.10 கொடுத்தால் தருகிறேன் என்று இன்னொருவர் விற்கக் காத்திருக்கிறார். முதலாவது பிட், இரண்டாவது ஆஸ்க், நடுவில் உள்ள 0.20 ஸ்ப்ரெட். உடனே வாங்க வேண்டுமென்றால் 100.10 கொடுக்க வேண்டும். வாங்கிய மறு நொடியே விற்றால் 99.90தான் கிடைக்கும். சந்தை அசையவே இல்லை, கையில் இருந்து 0.20 போய்விட்டது.

இந்தச் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஆஸ்க் என்பதைக் 'கேட்பு விலை' என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் வாங்குபவரும் கேட்பார்: 'அவர் எவ்வளவுக்குக் கேட்கிறார்?' என்றால் வாங்க வந்தவரைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பத்தின் நிழல் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'வேண்டிக் கேள்' என்ற பொருளுள்ள வினை ஒன்றும், 'முன்வை, அறிவி' என்ற பொருளுள்ள வினை ஒன்றும் கலந்துதான் இன்றைய 'பிட்' உருவானது. 'வாங்கும் விலை, விற்கும் விலை' என்று எழுதினாலும் சரிவராது. நாணய மாற்றுப் பலகையில் வாங்கும் விலை என்றால் கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை, பலகையைப் படிப்பவரோ தான் வாங்கும் விலை என்று எடுத்துக்கொள்கிறார். எனவே பிட்டுக்கு 'வாங்குவோர் விலை', ஆஸ்க்குக்கு 'விற்போர் விலை' என்பதே பாதுகாப்பு. யார் காத்திருந்து சொல்லும் விலை என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஸ்ப்ரெட்டுக்கு 'விலை இடைவெளி' போதும். 'பரவல்' என்ற சொல் புள்ளியியலில் வேறு வேலையில் இருக்கிறது, அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? தரகர் கட்டணம் போல யாரோ நிர்ணயித்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். யாரும் நிர்ணயிப்பதில்லை. விலை சொல்லிக் காத்திருப்பவர், அவர் இரு பக்கமும் விலை சொல்வதையே தொழிலாகக் கொண்ட மார்க்கெட் மேக்கராகவோ, இந்த விலைக்குத்தான் என்று எல்லை குறித்து லிமிட் ஆர்டர் போட்ட சாதாரண ஆளாகவோ இருக்கலாம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விட்டுவைக்கும் இடம் அது. ஆர்டரைக் கையாளும் செலவு அதில் ஒரு சிறு பங்கு. குறைந்தபட்ச விலைப் படியும் ஒரு தரையை வைக்கும்: நியூயார்க் பங்குச் சந்தையில் 1997 வரை விலை பொதுவாக எட்டில் ஒரு டாலர் படியாகத்தான் நகர்ந்தது. அப்போது இடைவெளி 12.5 சென்ட்டுக்குக் கீழே போக வழியே இல்லை. 2001இல் சென்ட் கணக்குக்கு மாறியதும் அதிகம் வர்த்தகமாகும் பங்குகளில் இடைவெளி சுருங்கியது. ஆனால் காத்திருக்கும் ஆர்டர்கள் குறைவாக உள்ள, ஆழமில்லாத சந்தையில் இடைவெளியை இழுத்து விரிப்பவை இவை அல்ல. வேறு இரண்டு அச்சங்கள்.

முதல் அச்சம், எதிரே வருபவருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கலாம் என்பது. 1985இல் பொருளியலாளர்கள் கிளாஸ்டனும் மில்குரோமும் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். அதன் எளிய வடிவத்தைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பங்கின் உண்மை மதிப்பு நாளைக்கு 110 ஆகலாம், அல்லது 90 ஆகலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு, ஆகவே இன்று நியாயமான விலை 100. ஒரு நாளில் 100 பேர் வந்து ஆளுக்கு ஒரு பங்கு வர்த்தகம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 98 பேருக்கு விசேஷமாக எதுவும் தெரியாது: பணம் தேவைப்பட்டு விற்கிறார்கள், சேமிப்புக்காக வாங்குகிறார்கள். 2 பேருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர்கள் 110 ஆகப்போகிறது என்றால் மட்டும் வாங்குவார்கள், 90 என்றால் மட்டும் விற்பார்கள். இரு பக்கமும் 100 என்று விலை சொல்லி நிற்பவர் தெரியாதவர்களிடம் எதையும் சம்பாதிப்பதில்லை, தெரிந்த இருவரிடம் ஆளுக்கு 10 இழக்கிறார். தினமும் 20 நஷ்டம். இப்போது அவர் 99.80க்கு வாங்கி 100.20க்கு விற்கிறார் என்று மாற்றுங்கள். தெரியாத 98 பேர் ஆளுக்கு 0.20 விட்டுச் செல்கிறார்கள், மொத்தம் 19.60. தெரிந்த இருவர் ஆளுக்கு 9.80 எடுத்துச் செல்கிறார்கள், மொத்தம் 19.60. கணக்கு நேர். 0.40 இடைவெளி அவருடைய லாபம் அல்ல, ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்தது.

அதே பங்கு, ஆனால் நடமாட்டம் இல்லை. விஷயம் தெரிந்த அதே 2 பேர் இருக்கிறார்கள். தெரியாதவர்கள் 8 பேர்தான் வருகிறார்கள். அவருடைய கணக்கு நேராக வேண்டுமென்றால் 98க்கு வாங்கி 102க்கு விற்க வேண்டும்: 8 பேர் ஆளுக்கு 2 விட்டால் 16, தெரிந்த இருவர் ஆளுக்கு 8 எடுத்தால் 16. இடைவெளி 4. பங்கின் மதிப்பைப் பற்றிய எதுவும் மாறவில்லை. அதில் உள்ள ஆபத்தும் மாறவில்லை. அந்த நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் குறைந்ததற்கே இடைவெளி பத்து மடங்காகிவிட்டது.

இது இங்கேயே நிற்காது என்பதுதான் மோசம். 4 இடைவெளியைப் பார்த்த சாதாரண ஆட்களில் சிலர் இந்தப் பங்கே வேண்டாம் என்று போய்விடுவார்கள். 3 பேர் மட்டும் மிஞ்சினால் 96க்கும் 104க்கும் போக வேண்டும்: மூவரிடம் 4 வீதம் 12, இருவருக்கு 6 வீதம் 12. இடைவெளி 8. அதைப் பார்த்து இன்னும் ஆட்கள் விலகுவார்கள். விஷயம் தெரிந்தவர்களுக்கோ 104 கொடுத்தாலும் லாபம்தான், அவர்கள் கடைசி வரை இருப்பார்கள். காலாண்டு முடிவு வெளியாவதற்குச் சற்று முன் பல பங்குகளில் விலை சொல்பவர்கள் ஆர்டரை எடுத்துவிட்டு ஒதுங்குவது இதனால்தான். அந்த நேரத்தில் வருகிறவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டாவது அச்சம், வாங்கியது கையிலேயே தங்கிவிடும் என்பது. 99.90க்கு வாங்கியவர் அதை 100.10க்கு எடுத்துக்கொள்ள அடுத்த ஆள் வரும்வரை வைத்திருக்க வேண்டும். நடமாட்டமுள்ள பங்கில் ஒரு நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார். நடமாட்டமில்லாத பங்கில் 100 நிமிடம் ஆகலாம். விலையின் இயல்பான அசைவு நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. காத்திருப்பு 100 மடங்கானால் அந்த அசைவு சுமார் 10 மடங்காகும். அத்தனை அசைவையும் தாங்கி நிற்பதற்கு 0.20 கட்டாது. இதில் ஒரு சின்ன அடையாளமும் உண்டு: கையில் சரக்கு மிஞ்சிப்போன மார்க்கெட் மேக்கர் தன் இரண்டு விலைகளையும் சேர்த்தே கீழே இறக்குவார், வாங்குவது குறைந்து விற்பது கூடட்டும் என்று. இடைவெளி அப்படியே இருக்க இரண்டு விலையும் ஒரே பக்கம் நகர்ந்தால் அது செய்தியாக இல்லாமல் சரக்குச் சுமையாகவும் இருக்கலாம்.

இனி ஆர்டர் புக்கில் இது எப்படித் தெரியும் என்று பார்ப்போம். ஒரு ஆழமில்லாத பங்கில் விற்போர் பக்கம் 100.50இல் 40 பங்கு, 101.20இல் 60, 103.00இல் 100. வாங்குவோர் பக்கம் 99.00இல் 50, 98.00இல் 80, 96.50இல் 100. திரையில் இடைவெளி 1.50. நடு விலை 99.75. சதவீதமாகச் சொன்னால் 1.5. இடைவெளியை எப்போதும் நடு விலையால் வகுத்துப் பாருங்கள், அப்போதுதான் 20க்கு விற்கும் பங்கையும் 2000க்கு விற்கும் பங்கையும் ஒப்பிட முடியும்.

ஆனால் அந்த 1.50 முதல் 40 பங்குக்கு மட்டுமே உண்மை. கிடைக்கும் விலையில் உடனே வாங்கு என்று 150 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் 40 பங்கு 100.50இலும், 60 பங்கு 101.20இலும், மீதி 50 பங்கு 103.00இலும் முடியும். மொத்தம் 15,242, சராசரி 101.61. நடு விலையைவிட 1.86 அதிகம், திரையில் தெரிந்த அரை இடைவெளியான 0.75ஐப் போல இரண்டரை மடங்கு. இதைத்தான் ஸ்லிப்பேஜ் என்கிறோம். ஆர்டர் முடிந்ததும் கடைசி வர்த்தக விலை 103 என்று காட்டும், நம் வரவால் 'ஏறிய' பங்காக. இடைவெளியோ இப்போது 99.00க்கும் 103.00க்கும் நடுவே 4. ஆகவே ஆழமில்லாத பங்கில் பார்க்க வேண்டியது விலையை மட்டும் அல்ல, அந்த விலையில் எத்தனை பங்கு நிற்கிறது என்பதையும்தான்.

அளவு இல்லாத விலை எவ்வளவு வெறுமையானது என்பதை அமெரிக்கச் சந்தை 2010 மே 6 அன்று கண்டது. இரு பக்கமும் விலை சொல்லியே ஆக வேண்டும் என்ற விதிக்காகச் சில மார்க்கெட் மேக்கர்கள் ஒரு பங்கை ஒரு சென்ட்டுக்கு வாங்குகிறேன், சுமார் ஒரு லட்சம் டாலருக்கு விற்கிறேன் என்று ஒப்புக்கு ஆர்டர் போட்டு வைத்திருந்தார்கள். ஸ்டப் கோட் என்று அதற்குப் பெயர். அன்று பிற்பகல் நடுவில் இருந்த உண்மையான ஆர்டர்கள் காணாமல் போனதும் மார்க்கெட் ஆர்டர்கள் அந்த ஒப்புக்குப் போட்ட விலைகளில் போய் மோதின. சில நல்ல நிறுவனப் பங்குகள் ஒரு சென்ட்டுக்கு வர்த்தகமாயின. எல்லை மீறிய அந்த வர்த்தகங்கள் பின்னர் ரத்து செய்யப்பட்டன. ஒப்புக்கு விலை போடுவதையும் அந்த ஆண்டு இறுதியில் தடை செய்தார்கள்.

சாதாரண நாளில் அதிகம் அடிபடுவது, குறித்த அளவுக்கு விலை இறங்கினால் தானாக விற்கச் சொல்லி வைக்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்தான். மேலே சொன்ன அதே ஆர்டர் புக்கில், 150 பங்கு வைத்திருக்கும் ஒருவர் 99.25இல் ஸ்டாப் லாஸ் வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். இதுவரை கடைசி வர்த்தக விலை 100.50. யாரோ 5 பங்கை மார்க்கெட் ஆர்டரில் விற்கிறார், அது 99.00இல் முடிகிறது. பங்கைப் பற்றி யாருடைய கணிப்பும் மாறவில்லை. வர்த்தகம் விற்போர் விலையில் இருந்து வாங்குவோர் விலைக்குத் தாவியது, அவ்வளவுதான். ஆனால் ஸ்டாப் லாஸ் விழித்துக்கொண்டு மார்க்கெட் ஆர்டராக மாறும். 99.00இல் மீதி இருந்த 45, 98.00இல் 80, 96.50இல் 25 என்று விற்று, சராசரி 98.05 கையில் தரும். இத்தகைய பங்கில் ஸ்டாப் வைத்தே ஆக வேண்டும் என்றால் இடைவெளிக்கு நன்றாக வெளியே வைத்து, கீழ் எல்லை குறித்த ஸ்டாப் லிமிட் ஆர்டராக வைக்கலாம். எல்லைக்குக் கீழே விலை தாவிவிட்டால் அது விற்காமலே நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான்.