ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குள் ஒரு பிட் எப்படி நகர்கிறது?

ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பிட்களை வாங்கி, பல கால்களில் ஒரே நேரத்தில் காட்டுவது சீரியல்-இன் பேரலல்-அவுட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். 74HC164 என்ற ஐசிக்குள், ஆளுக்கொரு பிட்டைப் பிடித்து வைத்திருக்கும் எட்டு ஃபிளிப் ஃபிளாப்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் வெளியீடுதான் அடுத்ததன் உள்ளீடு. கிளாக் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. முதல் நான்கின் வெளியீடுகளான Q0 முதல் Q3 வரை மட்டும் எடுத்துக்கொண்டு 1, 0, 1, 1 என்ற வரிசையில் பிட்களை அனுப்பிப் பார்ப்போம். தொடக்கத்தில் எல்லாம் 0.

```
கிளாக்  உள்ளீடு  Q0 Q1 Q2 Q3
  1       1       1  0  0  0
  2       0       0  1  0  0
  3       1       1  0  1  0
  4       1       1  1  0  1
```

முதலில் அனுப்பிய 1 ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் இடம் நகர்ந்து, நான்காவதில் Q3-ஐ அடைகிறது. முதலில் போன பிட்தான் கடைசிக் காலில் நிற்கும் என்பதால், Q0-இலிருந்து படித்தால் அனுப்பிய வரிசை தலைகீழாகத் தெரியும். புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

இரண்டாவது துடிப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். Q0-இல் இருந்த 1, Q1-க்குப் போகிறது. அதே கணத்தில் Q0 புதிய 0-ஐ வாங்குகிறது. அந்த 0 ஏன் அப்படியே Q1, Q2 என்று ஓடிவிடவில்லை? கிளாக் 0-இலிருந்து 1-க்கு ஏறும் விளிம்பில் மட்டுமே ஃபிளிப் ஃபிளாப் தன் உள்ளீட்டைப் பார்க்கும். அதன் வெளியீடு மாறுவதற்குச் சில நானோநொடிகள் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் அடுத்த ஃபிளிப் ஃபிளாப் பழைய மதிப்பைப் பிடித்து முடித்திருக்கும். சங்கிலி முழுவதும் ஒழுங்காக ஓரடி மட்டும் நகர்வதற்கு இந்தச் சிறு தாமதமே காரணம்.

அதனால் கிளாக் ஒயர் சுத்தமாக இருந்தே ஆகவேண்டும். ஒயர் நீளமாகி, விளிம்பில் அதிர்வு வந்தால், ஐசி ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும். நம் உதாரணத்தில் இரண்டாவது துடிப்பு இரட்டித்தால், 0 இரண்டு முறை நுழையும். முதல் 1 கடைசியில் Q3-ஐயும் தாண்டிப் போய்விடும். கடைசியில் 1101-க்குப் பதில் 1100 கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க, ஒரே ஒரு 1-ஐ அனுப்பிவிட்டு அடுத்தடுத்து 0 மட்டும் அனுப்புங்கள். கால்களில் எல்இடி இருந்தால் அந்த ஒளி ஓரிடம் ஓரிடமாக நகர வேண்டும். ஓர் இடத்தைத் தாண்டிக் குதித்தால், முதலில் கிளாக் ஒயரைப் பாருங்கள்.

இந்த ஐசியில் இன்னொரு சங்கடமும் உண்டு. நான்கு பிட்களும் வந்து சேரும் முன்பே 1000, 0100, 1010 என்ற இடைநிலைகள் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். எல்இடிக்கு இது பெரிய விஷயமில்லை, கண்ணுக்குப் பிடிபடாது. அந்தக் கால்களில் ரிலே இருந்து, கிளாக்கும் மெதுவாக ஓடினால், தேவையில்லாத ரிலே ஒரு கணம் இழுத்துவிடும். இத்தகைய இடத்தில் 74HC595 பொருத்தம். அதில் நகரும் சங்கிலிக்கும் வெளிக்கால்களுக்கும் நடுவே இன்னொரு வரிசை ஃபிளிப் ஃபிளாப்கள் உண்டு. பிட்கள் முழுதாகச் சேர்ந்தபின் `RCLK` காலுக்கு ஒரு துடிப்பு கொடுத்தால்தான் 1101 ஒரே தடவையில் வெளியே வரும்.