ஃப்ரீசரில் வெளுத்துப்போகும் ஆட்டிறைச்சி

புரட்டாசி விரதம் முடிந்து அசைவச் சமையல் மீண்டும் தொடங்கும் அக்டோபர் மாதத்தில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். விரதத்துக்கு முன்பே, ஆகஸ்டில், முழு ஆடு ஒன்றை வாங்கி, கறிக்கடையில் வெட்டிப் போட்டுக் கொடுத்த மெல்லிய பைகளிலேயே ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள். இப்போது எடுத்துப் பார்த்தால் துண்டுகளின் ஓரங்கள் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, தொட்டால் தோல்போல் விறைத்திருக்கின்றன. “மாமியார் இது விஷமாகிவிட்டது என்கிறார். வீசிவிட வேண்டுமா?” என்பது அவருடைய கேள்வி.

வீச வேண்டியதில்லை. இதைத்தான் ஃப்ரீசர் பர்ன் என்கிறோம். இது கெட்டுப்போன இறைச்சியன்று, காய்ந்துபோன இறைச்சி. நிறம் மாறிய இறைச்சியை ஒதுக்க வேண்டும் என்பது குளிர்சாதனம் இல்லாத காலத்தில் நல்ல விதிதான். ஆனால் அந்த விதி கிருமிகளைப் பற்றியது, இங்கே நடந்திருப்பதோ நீர் வெளியேறிய கதை.

பனிக்கட்டி உருகாமலேயே நேராக ஆவியாகும். துணிகளுக்கிடையே வைக்கும் நாப்தலின் உருண்டை எவ்வாறு தேய்ந்து மறைகிறதோ, அதே பதங்கமாதல்தான் இதுவும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பனிக்கட்டியின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 125 பாஸ்கல். மைனஸ் 25 டிகிரியில் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். ஃப்ரீசருக்குள் மிகக் குளிர்ந்த இடம் குளிரூட்டும் சுருள்தான் என்பதால், இறைச்சியிலிருந்து கிளம்பும் ஆவி அழுத்தம் குறைவான அந்தச் சுருளை நோக்கிச் சென்று அங்கே உறைபனியாகப் படிகிறது. தானாகவே பனி நீக்கும் வகைப் பெட்டிகளில், உள்ளிருக்கும் ஒரு சூடேற்றி அவ்வப்போது அந்தப் பனியை உருக்கி வெளியே வடித்துவிடுகிறது. இறைச்சியை விட்டுப் போன நீர் இனித் திரும்பி வர வழியில்லை.

பை போட்டுக் கட்டியிருக்கும்போது ஆவி எப்படிச் சுருளுக்குப் போகும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். நல்ல பிளாஸ்டிக் நீராவியை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஆனாலும் பையின் எடை சிறிதும் குறையாமலே உள்ளிருக்கும் இறைச்சி காய்ந்துபோக முடியும். பைக்கும் இறைச்சிக்கும் இடையே விடப்பட்ட காற்று இடைவெளிதான் அதற்குக் காரணம்.

ஃப்ரீசரின் வெப்பநிலை ஒரே அளவில் நிற்பதில்லை. கம்ப்ரசர் ஓடும்போது காற்று குளிர்கிறது, நின்றதும் சற்றுச் சூடேறுகிறது. பிளாஸ்டிக் தாள் மெல்லியது, அதனால் காற்றின் மாற்றத்தை உடனே ஏற்கும். கனமான இறைச்சித் துண்டோ மெதுவாகத்தான் மாறும். ஆகவே கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் தாள் முதலில் குளிர்ந்து, இறைச்சியின் மேற்பரப்பு அதைவிடச் சில டிகிரி வெப்பமாக நிற்கிறது. அந்தச் சில டிகிரி போதும்: இறைச்சியின் பனி ஆவியாகி, இடைவெளியைக் கடந்து, தாளின் உட்புறத்தில் படிகங்களாக ஒட்டிக்கொள்கிறது. கம்ப்ரசர் நின்றதும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது தாள் வெப்பமானது, இறைச்சி குளிர்ந்தது. படிகங்களில் ஒரு பகுதி ஆவியாகி இறைச்சியை நோக்கித் திரும்புகிறது. ஆனால் திரும்பும் நீர் தான் விட்டு வந்த தசைநாரின் உள்ளறைக்குள் போய்ச் சேருவதில்லை. மேற்பரப்பில் வெறும் பனித்தூளாகப் படிந்து நின்றுவிடுகிறது. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் நாருக்குள்ளிருந்து சிறிது நீர் வெளியே இழுக்கப்படுகிறது, ஒவ்வொரு நாளும் பல சுற்றுகள் நடக்கின்றன. கட்டிய பைக்குள் குலுங்கும் பனித்தூள் எல்லாம் இறைச்சியிலிருந்து வந்த நீரே.

பனிப் படிகம் இருந்த இடம் வெற்றுத் துளையாகிறது. அத்தகைய எண்ணற்ற நுண்துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. துளைகளின் வழியே ஆக்சிஜன் ஆழமாக நுழைந்து, சிவப்பு நிறமியான மயோகுளோபினைப் பழுப்பாக்குகிறது, கொழுப்பையும் தாக்கிச் சிக்கு வாடையை உண்டாக்குகிறது. ஆட்டுக்கொழுப்பு இதைச் சற்றுத் தாங்கும். கோழிக்கொழுப்பும் மீன்கொழுப்பும் விரைவில் வாடை பிடிக்கும். நீர் போன இடத்தில் உப்புச் செறிவு கூடி, புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிவிடுவதால், தண்ணீரில் ஊறவைத்தாலும் அந்தப் பகுதி பழைய மென்மைக்குத் திரும்பாது.

மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகுவதில்லை, ஆகவே வெளுத்த இடத்தைச் சாப்பிடுவதால் நோய் வராது. சக்கை போன்ற மெல்லுதலும் மங்கிய சுவையுமே குறை. வெளுப்பு ஓரங்களில் மட்டும் இருந்தால் அவற்றைக் கத்தியால் செதுக்கி எறிந்துவிட்டு மற்றதைக் குழம்பில் போடலாம். துண்டு முழுவதும் காய்ந்திருந்தால் அதைச் சமைப்பதில் பயனில்லை. ஆனால் ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்வதுமில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. பையின் அடியில் சிவந்த நீர் தேங்கி ஒரு பாளமாக உறைந்திருந்தால், மின்வெட்டின்போது இறைச்சி உருகி மறுபடி உறைந்திருக்கக்கூடும். உருகிய பின் பிசுபிசுப்போ புளித்த வாடையோ இருந்தாலும் அதை வீசிவிட வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும்.

தடுக்கும் வழி இதிலிருந்தே விளங்கும்: தாளுக்கும் இறைச்சிக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. வாசகியின் ஆட்டையே எடுத்துக்கொள்வோம். வெட்டிய கறியை முதலில் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரச் செய்து, ஈரத்தைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாக, ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால், தடித்த ஃப்ரீசர் பையில் இட்டு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் கனத்தில் தட்டையாகப் பரப்ப வேண்டும். பையின் வாயைத் திறந்தபடி, உள்ளே நீர் புகாமல், ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தினால் நீரின் அழுத்தமே காற்றை வெளியேற்றித் தாளை ஒவ்வொரு துண்டின் மேலும் ஒட்டச் செய்யும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வாயை மூடிவிட வேண்டும். தொடைபோன்ற பெரிய துண்டாக இருந்தால் சமையலறை பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றலாம்.

பெரும்பாலும் வேலையைக் கெடுப்பது எலும்புதான். வெட்டிய எலும்பின் கூர்முனை தாளைக் குத்திவிட்டால் அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் வெளுத்துவிடும். முனையின்மேல் மடித்த தாளை வைத்துக் கட்டுவது நல்லது. வெற்றிட இயந்திரத்தில் அடைப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும், அங்கே உறிஞ்சும் விசையே தாளை எலும்பின்மேல் இழுத்துக் கிழிக்கும். கடைகளில் நுரைத்தட்டில் வைத்து விற்கும் கறியை அப்படியே உறையவிடக் கூடாது. அந்த மெல்லிய மேல்தாள் கறி சிவப்பாகத் தெரிவதற்காக ஆக்சிஜனை உள்ளே விடுவது, தட்டின் ஓரங்களில் காற்றும் நிறைய இருக்கும்.

பனி நீக்கும் வசதி என்று விளம்பரப்படுத்தும் நிறுவனங்கள், அந்த வசதிக்கு இறைச்சி கொடுக்கும் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. நீண்ட நாள் சேமிக்க விரும்புகிறவர்களுக்கு, கையால் பனி நீக்கும் பழைய வகை டீப் ஃப்ரீசரே நல்லது, அதில் வெப்பநிலை குறைவாகவே ஏறி இறங்கும். அதிலும் கொத்துக்கறியை மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். அரைத்ததால் காற்றுபடும் பரப்பு பெருகியிருப்பதால், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அதன் கொழுப்பே முதலில் வாடை பிடிக்கும்.